ஓரெழுத்து தள்ளி

கேள்வியை ஒரே வரியில் அடியுங்கள். கீழே நான்கு விடைகள், வரிக்கு ஒன்று. விடைக்கு முன்னால் அ, ஆ வேண்டாம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் A, B, C, D, பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி. நான்கும் முடிந்ததும் அடுத்த வரியில் ANSWER, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, சரியான விடையின் எழுத்து. அவ்வளவுதான். கடைக்குப் போய் கால் கிலோ சீனி வாங்கிவரச் சொல்வதில்கூட இதைவிட விவகாரம் இருக்கும். இதை ஆரோக்கிய ஷீலா துறை துறையாக ஏறி இறங்கிச் சொன்னாள், வாட்ஸ்அப்பில் போட்டாள், அச்சடித்து ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டினாள். காரைக்குடியில் கோடை சீக்கிரமே வந்துவிட்ட அந்த மார்ச் மாதத்தில், படித்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவள் உயிரை வாங்கினார்கள்.

பொருளியல் துறையில் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று வரியாக மடக்கி மடக்கி அடித்துக் கொடுத்தார்கள். இணையத் தேர்வு நடத்தும் மூடுல் தளம் அதை ஏற்குமா? இத்தனாவது வரியில் கோளாறு என்று சொல்லி மொத்தக் கோப்பையும் வெளியே தள்ளியது. தமிழ்த் துறைக் கோப்பில் சரியான விடையெல்லாம் சிவப்பாக இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெறும் எழுத்துக் கோப்பில் சிவப்பு எங்கே நிற்கும்? நோட்பேடில் ஒட்டியதும் எல்லாம் ஒரே கறுப்பு, எது விடை, எது விடையில்லை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கேட்டால், “நான் நிறம் போட்டுத்தானம்மா குடுத்தேன், ஒங்க கம்ப்யூட்டரு அழிச்சுட்டா நான் என்ன பண்றது?” என்றார் கோப்பைக் கொடுத்த அந்தத் துறை அம்மா. ஷீலா கோப்பை மூடிவிட்டு எழுந்தாள். வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஷீலா அந்தத் தனியார் கல்லூரியின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். எம்.சி.ஏ. படித்தவள், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாகியும் தற்காலிகம். போன பருவத்தில் ஒரு துறையின் இணையத் தேர்வில் மதிப்பெண் குளறுபடி ஆனபோது, கொடுத்தவர் கேள்வியைத் தப்பாகக் கொடுத்திருந்தும் பழி “சாப்ட்வேர்” மேல் விழுந்தது. கல்லூரியில் சாப்ட்வேர் என்றால் ஷீலா. முதல்வர் சத்தியமூர்த்தி அவளைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். நிரந்தர ஆணை அவர் மேசையில் தயாராக இருக்கிறது. இந்த உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒரு புகார் இல்லாமல் முடிந்தால் கையெழுத்து. இன்னொரு புகார் வந்தால் பழையபடி தாளும் பேனாவும்தான், ஆய்வகத்துக்குத் தனியாக ஆள் எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். மரியாதையாகச் சொன்னால் மட்டும் மிரட்டல் இல்லையென்று ஆகிவிடுமா என்ன?

கடைசியாக வந்தது வரலாற்றுத் துறை. அதன் தலைவர் சேவுகப்பெருமாள். நாச்சியாபுரத்துப் பெரிய விவசாயக் குடும்பம், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு கலையாது, குரலும் அப்படியே. அவர் கொடுத்த கோப்பில் ஒரு விடைக்கும் குறி இல்லை. அதுவும் ஒருங்குறியில் இல்லாத ஏதோ அரதப்பழசான எழுத்துருவில் அடித்தது. நோட்பேடில் ஒட்டியதும், ‘வேலு’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் முட்டி மோதிக்கொண்டு நின்றன. ஷீலா அதை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கி, உடைந்த கொம்பையும் காலையும் ஒட்டவைத்து முடிப்பதற்குள் காபி ஆறி ஏடு படிந்துவிட்டது.

“சார், விடை எங்க சார்?” என்று போனில் கேட்டாள்.

“கோப்புல விடைய வைக்கலாமாம்மா? நாளைக்கு எவனாச்சும் பாத்தா? கையில எழுதித் தாரேன். வந்து வாங்கிக்க.”

போய் வாங்கினாள். ஒரு வெள்ளைத் தாளில், முத்து முத்தான கையெழுத்தில், ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணும் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்தும். அவர் விட்டாரா? இன்னும் இரண்டு நிபந்தனை போட்டார். கேள்வி வரிசையைக் கலைக்கக் கூடாது, பாடப் பகுதி வாரியாக வைத்திருக்கிறாராம். விடை வரிசையையும் கலைக்கக் கூடாது. “இவை அனைத்தும்” என்பது கடைசியில்தான் வரவேண்டுமாம்.

“கலச்சு விட்டாத்தான் சார் பக்கத்துல பாத்து எழுத முடியாது. தளமே ஆளுக்கு ஒரு வரிசையாக் குடுக்கும்.”

“என் பிள்ளைக பாத்து எழுத மாட்டாகம்மா. வரலாறு படிக்கிற பிள்ளைக.”

“சரி சார். ஏத்துனதும் ஒருக்கா இங்குட்டு வந்து திரையில பாத்துட்டுப் போயிருங்க.”

“எனக்கு வகுப்பு இருக்கு. நீயே பாத்துக்க.”

ஷீலா பார்த்துக்கொண்டாள். எதைப் பார்த்தாள்? அ-வை A ஆக்கினாள், ஆ-வை B ஆக்கினாள். கேள்விகளை எக்ஸெல்லில் ஒரு பக்கம், சாரின் விடை எழுத்துகளை ஒரு பக்கம் வைத்து, ஒரு சூத்திரம் போட்டு ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் ANSWER வரியைச் சேர்த்தாள். யு.டி.எஃப்-8 என்று தேர்ந்து சேமித்தாள், இல்லாவிட்டால் தமிழெல்லாம் வெறும் கேள்விக்குறியாகிவிடும். ஏற்றினாள். ஐம்பது கேள்வியும் ஒரு முணுமுணுப்பில்லாமல் உள்ளே போயின. அந்த ஐம்பதில் ஒன்றைக்கூட அவள் கேள்வியாகப் படிக்கவில்லை. வரி சரியா, புள்ளி சரியா, இடைவெளி சரியா என்றே ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்குப் பின்னால் அர்த்தம் என்று ஒன்று உண்டு என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

தேர்வு காலையில் ஆய்வகத்தில் நடந்தது. இரண்டாமாண்டு வரலாறு. செல்போனெல்லாம் வெளியே வாங்கி வைத்தாயிற்று. ஒரு இயந்திரம்கூட நிற்கவில்லை, இணையம் அறுந்துபோகவில்லை, மின்சாரம் போகவில்லை. மாதாவே, முடிந்தது என்று ஷீலா நாற்காலியில் சாய்ந்து மதிப்பெண் பட்டியலைத் திறந்தாள். திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐம்பதுக்கு ஆறு. ஐம்பதுக்கு மூன்று. ஒன்பது. ஐந்து. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மெர்சிக்கு நான்கு. கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் தட்டியிருந்தாலும் பன்னிரண்டு வந்திருக்குமே! பட்டியல் நெடுக இதே கதை. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் நாற்பத்தேழு. கார்த்திகேய சிவம். சேவுகப்பெருமாள் சாரின் மகன்.

தேர்வு மூடியதும் அவரவர் விடைத்தாளும் சரியான விடையும் திரையில் தெரியும்படி ஷீலாதான் அமைத்திருந்தாள். அது வேறு இப்போது வினையாகிவிட்டது. ஆய்வகம் சந்தைக்கடையாயிற்று. மெர்சி கண்ணில் தண்ணீரோடு எழுந்து வந்தாள்.

“மேடம், இது என்ன மேடம் அநியாயமா இருக்கு? எனக்கு இந்த மார்க்கு வந்தாத்தான் மேடம் ஸ்காலர்ஷிப் ஃபாரம் போட முடியும். சாப்ட்வேர் தப்பா இருக்கு மேடம்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஷீலாவுக்கு உச்சந்தலை சூடேறியது. “சாப்ட்வேர் என்னம்மா தப்பு பண்ணுச்சு? அதுக்கு என்ன தெரியும்? நாம சொன்னதத்தான் அது சொல்லும்!” என்று கத்திவிட்டாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்யும். அதற்குள் யாரோ முதல்வருக்குச் சொல்லப் போய்விட்டார்கள், யாரோ வரலாற்றுத் துறைக்கு.

சேவுகப்பெருமாள் வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். “என்னம்மா பண்ணி வச்சிருக்க? நான் எத்தன வருசமா தேர்வு வைக்கிறேன், ஒரு நாளாச்சும் இப்படி ஆகியிருக்கா? ஏத்துறப்ப கவனமா ஏத்த வேணாமா?”

“சார், நீங்க குடுத்த தாள் இங்கதான் இருக்கு. ஒண்ணு ஒண்ணா ஒத்துப் பாருங்க.”

“தாளு சரியாத்தான் இருக்கும். நீ ஏத்துனதுதான்...” என்று திரையைப் பார்த்தவர் நிறுத்தினார். பட்டியலில் மகன் பெயரைப் பார்த்துவிட்டார். நாற்பத்தேழு. அவர் முகம் மாறியதை என்னவென்று சொல்ல! முந்தைய பருவத்தில் அந்தப் பையன் இரண்டு தாளில் பெயில், துறைக்குள் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவர் முன்னால் பேசமாட்டார்கள். மனுஷருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“அப்ப ஏத்துனது சரிதான்” என்றார், குரலைத் தணித்து. “தப்பா ஏத்தியிருந்தா இவனுக்கு மட்டும் எப்படி நாப்பத்தேழு வரும்? படிச்சிருக்கான். ஒரு வாரமா ராத்திரியெல்லாம் கதவச் சாத்திக்கிட்டு இருந்தான். மத்த பிள்ளைக படிக்கல. அம்புட்டுத்தான். முதல்வர்ட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பயப்படாத.”

கேட்டீர்களா? தலைவரே வந்து சாட்சி சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும்; புகார் இல்லை, கையெழுத்து விழும், ஆணை கைக்கு வரும். ஒரு நொடி ஷீலா தலையாட்டப் பார்த்தாள் என்பதும் நிஜம். அப்போதுதான் மெர்சி பின்னாலிருந்து சொன்னாள்.

“சார், முப்பத்தொண்ணாவது கேள்வி மட்டும் பாருங்க சார். அது ஒண்ணு மட்டும்.”

ஷீலா எழுத்துக் கோப்பைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். முதல் தடவையாக அதைக் கேள்வியாகப் படித்தாள்.

வேலுநாச்சியார் அரசியாக ஆண்ட சீமை எது?
A. புதுக்கோட்டை
B. இராமநாதபுரம்
C. சிவகங்கை
D. தஞ்சாவூர்
ANSWER: D

அட கருமமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சிவகங்கை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அந்த அம்மாளின் படத்தைப் பார்த்துக்கொண்டு, தஞ்சாவூராம்! தாளை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று, ஈ. முத்து முத்தான கையெழுத்து. அடுத்த கேள்விக்குப் போனாள், அதற்கடுத்ததற்குப் போனாள். “இவை அனைத்தும்” விடையாக இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லிவைத்தாற்போல் முதல் விடைக்குக் குறி. எல்லாமே ஓரெழுத்து தள்ளி இருந்தது.

“சார், என்ன சார் இது?”

சேவுகப்பெருமாள் தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“தள்ளித்தானம்மா எழுதுவேன்” என்றார் மெதுவாக. “முன்னால ஒரு தடவ ஜெராக்ஸ் கடையில விடைத்தாள் வெளிய போயிருச்சு. அதுல இருந்து அ-ன்னா ஆ-ன்னு எழுதுவேன், ஈ-ன்னா அ-ன்னு. திருத்துறப்ப மனசுலயே ஓரெழுத்து பின்னால இழுத்துக்குவேன். திருடி எழுதுனவன் முட்டை வாங்குவான், கையோட பிடிச்சுருவேன். டிபார்ட்மென்ட்ல வாத்தியாருக எல்லாருக்கும் தெரியுமே.”

“எனக்கு யாரு சார் சொன்னா? இல்ல, இந்தப் பெட்டிக்கு யாரு சொன்னா? ஈ-ன்னு குடுத்தா அது ஈ-ன்னுதான் சார் எடுத்துக்கும். மனசுல இழுத்துக்கிறதுக்கு அதுக்கு மனசா இருக்கு?”

“கைப்பழக்கம்மா. யோசிக்காமயே எழுதிட்டேன்.” சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். தன் வாயால் தானே என்ன சொல்லியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திருடி எழுதுகிறவனைக் கையோடு பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அது பிடித்தும் விட்டது. ஆய்வகத்தில் இத்தனை பேரில், தள்ளி எழுதிய தாளுக்குச் சரியாக நாற்பத்தேழு ஒத்துப்போனது யாருக்கு?

கார்த்திகேய சிவம் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அந்த வெக்கையிலும் அவன் ஒருவன்தான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அப்பா நடந்துபோய் அவன் முன்னால் நின்றபோது, கேட்கும் முன்னாலேயே இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவர் கையைப் பிடித்துச் சட்டையை மேலேற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீல மையில் எழுத்து எழுத்தாக. வியர்வையில் இரண்டு மூன்று அழிந்திருந்தன.

அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அடிக்கவில்லை.

“வேலுநாச்சியார் எந்தச் சீமைடா?” என்று கேட்டார்.

“சிவகங்கை.”

“தெரியும்ல?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சும் தஞ்சாவூருன்னா போட்ட?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குச் சிவகங்கைன்னுதான் பட்டுச்சு. ஆனா நீங்க ஈ-ன்னு எழுதியிருந்தீக. நீங்க தப்பா எழுதுவீகளாப்பா? எனக்குத்தான் எப்பயும் தப்பாத் தெரியும்னு நெனச்சு அதையே போட்டேன்.”

ஷீலாவுக்கு அவ்வளவு நேரம் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பையனை அறையலாம் போலவும் இருந்தது, அவன் அப்பாவை இரண்டு கேள்வி கேட்கலாம் போலவும் இருந்தது, இரண்டும் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து முதல்வர் சத்தியமூர்த்தி உள்ளே வந்தார். அவருக்கு யார் என்ன சொல்லி அழைத்து வந்தார்களோ, வந்ததும் ஷீலாவைத்தான் பார்த்தார்.

“ஷீலா மேடம், மறுபடியும் சாப்ட்வேர் பிரச்சினையா? போன தடவையே சொன்னேன்ல?”

ஷீலா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. கையில் தாள் இருந்தது, கோப்பு இருந்தது, நாலு வருஷக் கோபம் இருந்தது. ஆனால் சொன்னால் அந்தப் பையனின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாற்பது பிள்ளைகள் முன்னால். அவள் சேவுகப்பெருமாளைப் பார்த்தாள். நீங்களே சொல்லித் தொலையுங்கள் சார் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவரோ மகனின் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் அவர் இப்போதும் ஒரு வார்த்தையில் தப்பிக்கலாம். ஆமா சார், ஏத்துறப்ப மாறிப்போச்சு என்றால் முதல்வர் உடனே நம்புவார். மகனும் தப்பிப்பான், அவரும் தப்பிப்பார். போவது ஒரு தற்காலிக ஊழியரின் வேலைதானே.

“சாப்ட்வேர் சரி சார்” என்றார் சேவுகப்பெருமாள், திரும்பாமலே. “அந்தப் பிள்ள ஏத்துனதும் சரி. நான் குடுத்த விடை தப்பு. அம்பதும் தப்பு. எழுதித் தாரேன், கையெழுத்துப் போட்டு.” பிறகு திரும்பி, “என் மகன் என் மேசையில இருந்து அதப் பாத்து எழுதியிருக்கான். அதையும் சேத்தே எழுதித் தாரேன்” என்றார்.

சத்தியமூர்த்தி ஷீலாவின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மார்க்கச் சரி பண்ணிட்டு எங்கிட்ட வாங்க மேடம். அந்த ஆர்டர இன்னைக்கே முடிச்சுருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு வருஷம் காத்திருந்தது இப்படியா வந்து சேர வேண்டும்? ஷீலாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

சரி பண்ணுவது என்றால் சும்மாவா? திருத்திய கோப்பைப் புதிதாக ஏற்றினால் தளம் அவற்றைப் புதுக் கேள்விகள் என்று எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் எழுதியதோ பழைய கேள்விகளுக்கு. ஆகவே ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நூறு சதவீத மதிப்பெண்ணை ஒரு விடையிலிருந்து எடுத்து இன்னொரு விடையில் வைத்து, சேமித்து, கடைசியில் எல்லாருடைய தேர்வையும் மறுமதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கலைந்துபோன ஆய்வகத்தில் சேவுகப்பெருமாள் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சரியான விடையைச் சொன்னார். எழுத்தைச் சொல்ல விடவில்லை அவள். “எழுத்து வேணாம் சார், விடையச் சொல்லுங்க” என்றாள். அவரும் சண்டைக்கு வராமல் அப்படியே சொன்னார்.

ஐம்பதும் முடிந்ததும் ஷீலா மறுமதிப்பீட்டுப் பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“சார், மொதல்ல அவன் தேர்வ மட்டும் தனியா நீக்கிரவா? மறுதேர்வுன்னு போட்டுக்கலாம். லிஸ்ட்ல வராது.”

“வேணாம்மா. எல்லாரோடதும் போல அதுவும் வரட்டும். அமுக்கு.”

அமுக்கினாள். பட்டியல் புதுப்பித்துக்கொண்டு வந்தது. மெர்சிக்கு நாற்பத்து நான்கு. ஒன்பது வாங்கியிருந்தவனுக்கு முப்பத்தாறு. கார்த்திகேய சிவத்துக்கு ஒன்று. சேவுகப்பெருமாள் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எந்தக் கேள்வி?” என்று கேட்டார்.

அவள் திறந்து காட்டினாள். பன்னிரண்டாவது கேள்வி, பாண்டியர் துறைமுகம் ஒன்றைப் பற்றியது. அப்பா எழுதியதற்கு மாறாகக் கொற்கை என்று போட்டிருந்தான். வியர்வையில் எழுத்து அழிந்துபோன இடமாக இருக்கும், தானாகவே யோசித்துப் போட்டிருப்பான் என்று ஷீலா சொன்னாள்.

“கொற்கைதான்” என்றார் சேவுகப்பெருமாள். “அது கஷ்டமான கேள்வி.” சொல்லிவிட்டு, வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்த மகனிடம் எழுந்து போனார்.